வீல்சேர் இடமும் துணை இருக்கையும்: டிக்கெட் விற்பனை திறக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தமிழ்ச் சங்க நாடகம், இசை நிகழ்ச்சி என்று எதற்கு அரங்கம் எடுத்தாலும் டிக்கெட் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். இருக்கைப் பிளான் போடுவது என் வேலை என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எளிதாகப் புரிய வேண்டும் என்று ஒரே அரங்கத்தை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். கீழ்த்தளத்தில் 600 இருக்கை, லிஃப்ட் இல்லாத பால்கனியில் 180, மொத்தம் 780. வாடகைக்குக் கிடைக்கும் அரங்குகளில் இப்படிப்பட்டவை நிறையவே உண்டு.

வீல்சேரில் யாராவது வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாமே, டிக்கெட் திறக்கும் முன்பே எதற்கு?

அன்றைக்குப் பார்க்கும்போது இடம் இருக்காது, அதனால்தான். இருக்கை எண் போட்ட நிகழ்ச்சியில் விற்பனை திறந்த முதல் மணி நேரத்தில் போவது ஓர இருக்கைகளும் நடைபாதையை ஒட்டிய வரிசைகளும். வீல்சேர் நிற்கக்கூடிய இடங்களும் அங்கேதான் இருக்கின்றன. வரிசையின் நடுவில் வீல்சேரை நுழைக்க முடியாது. ஆக, முதலில் விற்றுப்போகும் இருக்கைகளும் வேறு எங்கும் உட்கார முடியாதவருக்குத் தேவையான இருக்கைகளும் ஒன்றே.

விற்ற பிறகு மாற்றுவதும் பெரும்பாடு. 60 டாலர் கொடுத்து ஓர இருக்கை வாங்கியவரை எழுப்பி நடுவே அனுப்பினால் அவருக்கு மனக்கசப்பு, வீல்சேரில் வந்தவருக்குக் கூச்சம். இரண்டு பேருமே தவறு செய்யவில்லை. பிளான் போட்டவர் விற்பனை திறக்கும் முன்பே இதை முடித்திருக்க வேண்டும்.

நாங்கள் சின்னச் சங்கம், லாப நோக்கம் இல்லை, அரங்கமும் வாடகை. இந்தச் சட்டம் எங்களுக்குமா?

ஆம். 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஆள்கள் ஏடிஏ என்று சொல்வது, பொதுமக்கள் வந்துபோகும் இடத்தை வைத்திருப்பவர், வாடகைக்கு விடுபவர், வாடகைக்கு எடுத்து நடத்துபவர் எல்லோரையும் கட்டுப்படுத்தும். பொதுமக்களுக்கு டிக்கெட் விற்றால் லாப நோக்கமற்ற சங்கமும் இதில் அடங்கும். அரங்கம் அரசுப் பள்ளியுடையது என்றால், அரசு அமைப்புகளுக்கென்று கிட்டத்தட்ட இதே விதி தனியாக உண்டு. அது அரங்கத்துக்காரரைப் பிடிக்கும். வாடகைக்கு எடுக்கும் சங்கத்தைக் கட்டுப்படுத்தும் விதி அப்போதும் அப்படியே இருக்கும்.

டிக்கெட் விற்பனைக்கான விதிகள் 2011 மார்ச் 15இல் நடைமுறைக்கு வந்தன. கூட்டாட்சி விதித்தொகுப்பில் 36.302ஆம் பிரிவுக்குள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் "விதி" என்று நான் சொல்வதெல்லாம் அதைத்தான். நாங்களாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு எது என்பதை அங்கங்கே தனியாகச் சொல்கிறேன்.

எத்தனை இடம் ஒதுக்க வேண்டும்?

ஏடிஏவின் கட்டட அளவுகோல்களில் இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. 51 முதல் 150 இருக்கை வரை 4 வீல்சேர் இடம், 151 முதல் 300 வரை 5, 301 முதல் 500 வரை 6. அதற்கு மேல் 5000 வரை, 6 இடத்தோடு ஒவ்வொரு 150 இருக்கைக்கும் ஒன்று கூடும். 150 முழுதாக வராமல் மிச்சம் இருந்தாலும் அதற்கும் ஓர் இடம் உண்டு.

நம் 780 இருக்கை அரங்கில் 500க்கு 6. மிச்சம் 280. அதில் முதல் 150க்கு ஒன்று, பாக்கி 130க்கும் ஒன்று. ஆக 8. ஒவ்வொரு வீல்சேர் இடத்துக்கும் குறைந்தது ஒரு துணை இருக்கை வேண்டும், எனவே அதுவும் 8.

பழைய கட்டடங்களில் இதைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் நீங்களாகக் கணக்குப் போட்டு நிறுத்திவிடாமல், அரங்கத்துக்காரரிடம் வீல்சேர் இடங்கள் குறித்த அவர்களுடைய பிளானை வாங்கிப் பாருங்கள். அங்கே இருக்கிற அத்தனை இடமும் உங்கள் விற்பனைப் பிளானில் வந்தாக வேண்டும். வாடகைக்காரர் வசதிக்காக ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.

ஒரு வீல்சேர் இடம் என்றால் ஒரு நாற்காலி அளவுதானே? பிளானில் ஓர் இருக்கையைக் குறித்தால் போதாதா?

போதாது. அதிகமானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தனியாக உள்ள ஒரு வீல்சேர் இடம் குறைந்தது 36 அங்குல அகலம் இருக்க வேண்டும். இரண்டு இடம் ஒட்டி ஒட்டி வந்தால் ஒவ்வொன்றும் 33 அங்குலம். அரங்க நாற்காலி ஒன்று சுமார் 20 முதல் 22 அங்குலம்தான். ஆக, நாற்காலியைக் கழற்றி இடம் செய்கிற அரங்கில் ஒரு வீல்சேருக்கு இரண்டு நாற்காலி கழற்ற வேண்டும். பிளானில் ஓர இருக்கையை மட்டும் யாரும் வாங்க முடியாதபடி பூட்டிவிட்டு அதற்கு அடுத்ததை விற்றால், விற்ற இருக்கை அன்றைக்கு அங்கே இருக்காது. வாங்கியவர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆழமும் முக்கியம். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வீல்சேர் உள்ளே வருமானால் 48 அங்குலம் வேண்டும், பக்கவாட்டில் வருமானால் 60. ஆள்கள் நடக்கும் வழியில் அந்த இடம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அரங்கங்களில் வீல்சேர் இடங்கள் குறுக்கு நடைபாதையை ஒட்டிய வரிசையிலும் கடைசி வரிசையிலும் இருப்பது இதனால்தான். "முன்னால் மூன்றாவது வரிசை ஓரத்தில் போட்டுக்கொள்ளலாமே" என்று யாராவது சொன்னால், முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

இன்னொன்று. கழற்றும் நாற்காலிகள் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதை அரங்க ஊழியர்தான் கழற்றுவார். எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், எந்தெந்த நாற்காலி கழலும், திரும்ப மாட்டுவது யார் என்று வாடகை ஒப்பந்தத்தின்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

துணைக்கு வருபவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. துணை இருக்கை வீல்சேர் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு பேரின் தோளும் ஒரே கோட்டில் வர வேண்டும். அளவுகோலிலேயே அப்படித்தான் இருக்கிறது. கணவனும் மனைவியும் நாடகம் பார்க்க வந்தால் ஒருவர் காதில் ஒருவர் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பின்னால் உட்கார்ந்தால் முதுகைத்தான் பார்க்க முடியும்.

மற்ற இருக்கைகளுக்கு நிகரான வசதியோடு இருந்தால் துணை இருக்கை எடுத்துப்போடும் நாற்காலியாகவும் இருக்கலாம். ஆனால் அது பிளானில் எண்ணோடு இருக்க வேண்டும். எண் இல்லாத நாற்காலியை டிக்கெட் மென்பொருளுக்குத் தெரியாது. மென்பொருளுக்குத் தெரியாததை அன்றைக்கு வாசலில் நிற்கும் தொண்டருக்கும் தெரியாது.

கூட ஒருவர் மட்டும்தான் உட்காரலாமா? நாங்கள் வீட்டில் நாலு பேர்.

நாலு பேரும் சேர்ந்து உட்காரலாம். ஒரு வீல்சேர் இடம் வாங்குபவருக்கு, அதே வரிசையில் தொடர்ச்சியாக மேலும் மூன்று டிக்கெட் வரை கொடுக்க வேண்டும் என்பது விதி. வாங்கும் நேரத்தில் அந்த மூன்றும் காலியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இல்லாவிட்டால் எத்தனை தொடர்ச்சியாகக் கிடைக்குமோ அத்தனையைக் கொடுத்து, மீதியை எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கு 8 டிக்கெட் வரை விற்கிறீர்கள் என்றால் இவருக்கும் 8 வரை உண்டு. எல்லோருக்குமே ஆளுக்கு இரண்டுதான் என்றால் இவருக்கும் இரண்டுதான்.

"காலியாக இருந்தால்" என்ற நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு துணை இருக்கையை மட்டும் பூட்டிவிட்டு மற்ற இரண்டையும் முதல் நாளே விற்றுவிடுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அது தப்பில்லை. ஆனால் எங்கள் ஊர்களில் வீல்சேரில் வருபவர் பெரும்பாலும் பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ. மகன், மருமகள், பேரன் என்று குடும்பத்தோடுதான் வருவார்கள். அதனால் அந்த இரண்டையும் சேர்த்தே பூட்டுவதுதான் நான் வைத்திருக்கும் வழக்கம். எப்போது பொது விற்பனைக்கு விடுவது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

சரி, எங்கள் பிளானில் எதை எதைப் பூட்டுவது? வரிசை போட்டுச் சொல்லுங்கள்.

நம் அரங்கின் கீழ்த்தளத்தில் A முதல் X வரை 24 வரிசை, வரிசைக்கு 25 நாற்காலி. இரண்டு நடைபாதை ஒவ்வொரு வரிசையையும் மூன்றாகப் பிரிக்கிறது. இடப்பக்கம் 1 முதல் 7, நடுவில் 8 முதல் 18, வலப்பக்கம் 19 முதல் 25. H வரிசைக்குப் பின்னால் குறுக்கு நடைபாதை. X கடைசி வரிசை, அதன் பின்னால் அகலமான வழி. H வரிசையில் நான்கு வீல்சேர் இடம், X வரிசையில் நான்கு.

H வரிசையின் இடப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதை ஓரத்தில் இருக்கும் 7, 6 இரண்டும் சேர்ந்து ஒரு வீல்சேர் இடம். 5 துணை இருக்கை. 4, 3 குடும்ப இருக்கைகள். நடுப்பகுதியின் இடது ஓரத்தில் 8, 9 வீல்சேர் இடம், 10 துணை, 11, 12 குடும்பம். வலது ஓரத்தில் 18, 17 வீல்சேர் இடம், 16 துணை, 15, 14 குடும்பம். வலப்பக்கத்தில் 19, 20 வீல்சேர் இடம், 21 துணை, 22, 23 குடும்பம். X வரிசையிலும் இதே எண்கள்தான்.

ஓர் இடத்துக்கு 5 நாற்காலி வீதம் 8 இடத்துக்கு 40 நாற்காலி பூட்டப்படுகிறது. இதை இரண்டு தனிப் பெயரில் பூட்டுங்கள். வீல்சேர் இடமும் துணை இருக்கையும் சேர்ந்த 24 நாற்காலி ஒரு பெயரில். இவற்றை விடுவதற்கு விதி இருக்கிறது, கீழே வருகிறது. குடும்ப இருக்கைகள் 16 இன்னொரு பெயரில். இவை சாதாரண இருக்கைகள், எப்போது விடுவது என்பது உங்கள் முடிவு. பொது விற்பனை திறந்து ஒரு வாரம் வரை வைத்திருந்து, பிறகு H வரிசையில் ஒன்று, X வரிசையில் ஒன்று என்று இரண்டு இடங்களுக்கு மட்டும் கடைசி வரை நிறுத்திக்கொண்டு மீதியை விடுவது எங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் பூட்டினால், குடும்ப இருக்கைகளை விடுகிற அன்று யாராவது எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வுசெய்து வீல்சேர் இடங்களையும் திறந்துவிடுவார்.

H, X வரிசைகளின் நடுவில் 13ஆம் எண் மட்டும் தனியாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அதையும் குடும்ப இருக்கைகளோடு சேர்த்தே பூட்டிவிடுங்கள். தனியாக விட்டால் விற்காது.

ஸ்பான்சர்களுக்கு முதலில் திறக்கிறோம், அப்புறம் உறுப்பினர்கள், அதன்பிறகுதான் பொதுவுக்கு. வீல்சேர் இடங்களைப் பொது விற்பனை வரைக்கும் தொடாமல் வைக்கலாம்தானே?

வைக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிற தவறுகளில் இதுதான் பெரியது. விதி சொல்வது இது: மற்ற டிக்கெட்டுகள் விற்கிற அதே நேரத்தில், அதே கட்டங்களில், அதே வழிகளில் வீல்சேர் இடங்களும் விற்கப்பட வேண்டும். கட்டம் என்றால் முன்விற்பனை, சலுகை விற்பனை, குலுக்கல், காத்திருப்போர் பட்டியல் எல்லாமும். ஸ்பான்சர் ஒருவருக்கு வீல்சேர் இடம் தேவை என்றால் மற்ற ஸ்பான்சர்கள் வாங்கும் அதே நாளில் அவரும் வாங்க முடிய வேண்டும்.

பூட்டுவது தேவையில்லாதவர் எடுத்துவிடாமல் இருப்பதற்கு. தேவைப்படுபவருக்கு அந்தப் பூட்டு முதல் நாளிலேயே திறக்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்பான்சர் விற்பனை தொடங்கும் நாளுக்கு முன்பே பிளான் முடிந்திருக்க வேண்டும் என்கிறேன். "பொது விற்பனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே" என்று விட்டால், ஸ்பான்சர் குழு H வரிசை ஓரங்களை அதற்குள் பரிசாகக் கொடுத்து முடித்திருக்கும்.

அதேசமயம் எல்லா இடங்களும் முதல் கட்டத்திலேயே தீர்ந்துவிடக் கூடாது. ஸ்பான்சர் கட்டத்துக்கு மொத்த இருக்கையில் எத்தனை பங்கு திறக்கிறீர்களோ, வீல்சேர் இடத்திலும் ஏறக்குறைய அதே பங்கைத் திறங்கள். 200 இருக்கை திறந்தால் 8இல் 2 இடம். இந்தப் பங்குக் கணக்கு என் ஏற்பாடுதான். அதற்கு மேல் கேட்டால் மறுக்காமல் கொடுத்துவிடுகிறோம்.

ஆன்லைனில் அந்த இடங்களை மறைத்துவிட்டு "வீல்சேர் தேவைப்பட்டால் போன் செய்யவும்" என்று போட்டால்?

மற்றவர்கள் நள்ளிரவிலும் ஆன்லைனிலேயே இருக்கை தேர்ந்து வாங்க முடிகிறபோது, இவர் மட்டும் தொண்டர் ஒருவர் எப்போது போனை எடுப்பார் என்று காத்திருப்பது சரியில்லை. மேலே சொன்ன "அதே வழிகளில்" என்பது இதற்கும் பொருந்தும். போன் எண் கொடுங்கள், அது உதவிதான். ஆன்லைன் வழிக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். எந்த இடம், மேடை எப்படித் தெரியும், எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்ற விவரங்களும் மற்ற இருக்கைகளுக்குக் கொடுக்கும் அளவுக்குப் பிளானில் இருக்க வேண்டும்.

மென்பொருளில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, "சிறந்த இருக்கையை நீயே கொடு" என்ற தானியங்கித் தேர்வு. வீல்சேர் இடத்தைத் தனி வகையாகக் குறித்துவிட்டு, துணை இருக்கையைச் சாதாரண இருக்கையாகவே விட்டிருந்தால் இது துணை இருக்கையைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிடும். இரண்டு, வரிசையில் ஒற்றை இருக்கை மிஞ்சாமல் தடுக்கும் வசதி. வீல்சேரில் தனியாக வருபவர் தன் இடத்தை மட்டும் வாங்கப் பார்த்தால் "ஒரு சீட் தனியாக நிற்கிறது" என்று இது விற்பனையை நிறுத்திவிடும். இந்த இரண்டு வரிசைகளுக்கும் அதை அணைத்து வையுங்கள்.

விற்பனை திறப்பதற்கு முந்தின நாள், குழுவில் இல்லாத ஒருவரின் போனிலிருந்து மூன்று சோதனை செய்துபாருங்கள். துணை இருக்கையை மட்டும் தனியாக வாங்கப் பாருங்கள், முடியக் கூடாது. வீல்சேர் இடத்தை மட்டும் வாங்குங்கள், முடிய வேண்டும். வீல்சேர் இடத்தோடு மேலும் மூன்று பேருக்கு வாங்குங்கள், அதே வரிசையில் கிடைக்க வேண்டும்.

என்ன விலை போடுவது? பால்கனி டிக்கெட் 20 டாலர். வீல்சேரில் வருபவர் பால்கனிக்குப் போக முடியாதே.

வீல்சேர் இடத்துக்கு அந்தப் பகுதியின் விலைதான், ஒரு டாலர்கூட அதிகம் வாங்கக் கூடாது. எல்லா விலையிலும் வீல்சேர் இடம் கிடைக்க வேண்டும் என்பதும் விதி. ஒரு விலைப் பகுதிக்கு வீல்சேர் போக முடியாவிட்டால், அந்தப் பகுதியின் பங்குக்கு ஏற்ற எண்ணிக்கையில் வேறு இடத்தை அதே விலைக்குக் கொடுக்க வேண்டும்.

நம் அரங்கில் A முதல் H வரை 200 இருக்கை 60 டாலர், I முதல் X வரை 400 இருக்கை 40 டாலர், பால்கனி 180 இருக்கை 20 டாலர். பால்கனி மொத்தத்தில் 23 சதவீதம். 8 வீல்சேர் இடத்தில் 23 சதவீதம் என்றால் 1.85, அதாவது 2. எனவே X வரிசையின் நான்கில் இரண்டை 20 டாலருக்கு விற்க வேண்டும், மற்ற இரண்டு 40. எந்த இரண்டு என்பதைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள். அவற்றோடு போகும் துணை இருக்கைக்கும் 20 டாலரே போடுங்கள். லிஃப்ட் இல்லாதது அந்தக் குடும்பத்தின் குற்றம் இல்லை.

துணைக்கு வருபவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இந்த விதியில் இல்லை. கொடுக்க விரும்புகிற சங்கம் கொடுக்கலாம்.

பொய் சொல்லி வாங்கிவிட்டால்? டாக்டர் சர்டிபிகேட் கேட்கலாமா?

கேட்கக் கூடாது. டாக்டர் கடிதம், அடையாள அட்டை என்று எந்தச் சான்றும் கேட்க விதி இடம்கொடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: வாங்குபவருக்கோ, அவர் யாருக்காக வாங்குகிறாரோ அவருக்கோ, இந்த இடத்தின் வசதி தேவைப்படும் உடல்நிலை இருக்கிறதா? வாங்கும் பக்கத்தில் இதை ஒரு டிக் பெட்டியாக வைத்தால் போதும். பல நிகழ்ச்சிகளுக்கு ஒரே தொகுப்பாக விற்றால் இதையே எழுத்தில் உறுதி கேட்கலாம். மோசடி என்று நம்ப நல்ல காரணம் இருந்தால் விசாரிக்கவும் செய்யலாம்.

நடைமுறையில், வாங்கும் முன் தெளிவாக ஒரு வரி எழுதி வைத்தாலே பெரும்பாலானவர்கள் விலகிவிடுவார்கள். "இங்கே நாற்காலி இருக்காது. உங்கள் வீல்சேரிலேயே உட்கார வேண்டும்" என்று இருந்தால் ஓர இருக்கைக்காக ஆசைப்படுபவர் அதைத் தொடமாட்டார்.

எங்கள் அம்மா வாக்கரோடு நடப்பார், வீல்சேர் கிடையாது. படி மட்டும் ஏற முடியாது. அவருக்கு இந்த இடம் உண்டா?

உண்டு. வீல்சேர் வைத்திருப்பவருக்கு மட்டும் என்று விதி சொல்லவில்லை. படி ஏற முடியாதவர், முழங்காலை மடக்க முடியாதவர் என்று, அந்த இடத்தின் வசதி தேவைப்படுகிற யாரும் வாங்கலாம். அப்போது அந்த இடத்தில் அவருக்கு நாற்காலி வேண்டும், எனவே வாங்கும்போதே "நாற்காலி வைக்கவா, எடுக்கவா" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலி கழற்றும் பட்டியல் அந்தக் குறிப்பிலிருந்துதான் வரும்.

ஆனால் பல பேருக்கு இதைவிடப் பொருத்தமானது, கைப்பிடி மடங்கும் ஓர இருக்கை. ஓர இருக்கைகளில் குறைந்தது 5 சதவீதம் நடைபாதைப் பக்கக் கைப்பிடி மடங்குவதாகவோ விலகுவதாகவோ இருக்க வேண்டும் என்று கட்டட அளவுகோல் சொல்கிறது. பக்கத்தில் ஒரு சிறு அடையாளம் இருக்கும். எண்களை அரங்கத்தில் கேட்டு வாங்கிப் பிளானில் குறியுங்கள். வாக்கரோடு வருபவர், வீல்சேரில் வந்து நாற்காலிக்கு மாறி உட்காருபவர் இருவருக்கும் இது நன்றாக உதவும். மாறி உட்காருபவரின் வீல்சேரை நடைபாதையில் விடக் கூடாது. இருக்கை எண் எழுதிய சீட்டைக் கட்டி ஓரிடத்தில் வைத்து, இடைவேளையிலும் முடிவிலும் தொண்டர் கொண்டுவந்து தர வேண்டும்.

விற்காமல் கிடக்கிறதே, எப்போதுதான் பொதுவுக்கு விடலாம்?

மூன்று நிலைமைகளில் ஒன்று வந்தால் விடலாம். மற்ற எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்திருக்க வேண்டும். அல்லது ஒரு குறிப்பிட்ட பகுதியில் மற்ற எல்லாம் தீர்ந்திருந்தால், அந்தப் பகுதியின் வீல்சேர் இடங்களை மட்டும் விடலாம். அல்லது ஒரு விலையில் மற்ற எல்லாம் தீர்ந்திருந்தால், அந்த விலைக்கான இடங்களை மட்டும் விடலாம். நிகழ்ச்சிக்கு இத்தனை நாள் முன்பு என்று தேதிக் கணக்கு எதுவும் விதியில் இல்லை. "48 மணி நேரம் முன்பு விட்டுவிடலாம்" என்று பல குழுக்களில் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் கிடையாது.

நம் அரங்கில் 40 டாலர் டிக்கெட் முழுதும் தீர்ந்துவிட்டது, பால்கனியில் இன்னும் 30 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். X வரிசையில் 40 டாலர் குறித்த இரண்டு இடங்களை விடலாம். 20 டாலர் குறித்த இரண்டையும் H வரிசை நான்கையும் தொடக் கூடாது. விடுகிற ஒவ்வோர் இடமும் இரண்டு நாற்காலியாகத் திரும்பிவரும், எனவே கழற்றியிருந்தால் மாட்டச் சொல்ல மறக்காதீர்கள். ஸ்பான்சர்களுக்கு ஒதுக்கி யாருக்கும் பெயர் போடாமல் கிடக்கும் இருக்கைகளை நான் விற்றதாகக் கணக்கில் எடுப்பதில்லை. முதலில் அவற்றை விற்றுப் பாருங்கள்.

விடலாம் என்றுதான் விதி, விட்டே ஆக வேண்டும் என்றில்லை. எல்லாமே தீர்ந்தாலும் H வரிசையில் ஓர் இடத்தையும் அதன் துணை இருக்கையையும் திரை ஏறும் வரை வைத்திருக்கச் சொல்கிறேன். அடுத்த கேள்வி அதற்கான காரணம்.

சாதாரண டிக்கெட்டோடு ஒருவர் வீல்சேரில் வாசலுக்கு வந்துவிட்டார். என்ன செய்வது?

நண்பரிடமிருந்து டிக்கெட் வாங்கியிருப்பார், அல்லது வாங்கிய பிறகு கால் முறிந்திருக்கும். டிக்கெட்டை இன்னொருவருக்குக் கைமாற்ற எல்லோருக்கும் இருக்கும் உரிமை இதிலும் உண்டு. இப்படி டிக்கெட் பெற்றவர் வரும்போது வீல்சேர் இடம் காலியாக இருந்தால், நிகரான இடத்துக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். கூட வந்தவரையும் சேர்த்தே மாற்றுங்கள். கூடுதல் பணம் கேட்காதீர்கள்.

இதற்கு வாசலில் நிற்பவரிடம் அச்சிட்ட பிளான் ஒன்று இருக்க வேண்டும். எட்டு வீல்சேர் இடங்களின் எண், எது விற்றது, எது காலி, எந்த நாற்காலி கழன்றிருக்கிறது, எந்த வாசலில் சரிவுப்பாதை என்பது அதில் இருந்தால் போதும். அன்று மாலை கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு H வரிசைக்கும் X வரிசைக்கும் போய், கழற்ற வேண்டிய நாற்காலி உண்மையிலேயே கழன்றிருக்கிறதா என்று ஒருவர் நேரில் பார்த்துவிட வேண்டும்.